மடலாடல்: ஏசி கம்பெனிக் கணக்கில் "ஆன்யுவலைஸ்டு", தமிழில் என்ன?

செல்வி:
அவசரம். ஏசி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஏப்ரல்–ஜூன் காலாண்டு முடிவு நாளை நாளிதழ் விளம்பரமாக வரவேண்டும். ஒரு பங்குக்கான வருவாய்க்குப் பக்கத்தில் "நாட் ஆன்யுவலைஸ்டு" என்று இருக்கிறது, அதாவது மூன்று மாதத் தொகையைப் பெருக்கி முழு ஆண்டுக்கு ஆக்கிக் காட்டவில்லை. போன தடவை "ஆண்டுக்குரியதல்ல" என்று போட்டேன். அப்படியானால் இது எந்த வருஷக் கணக்கு என்று ஒருவர் கேட்டுவிட்டார். "நான்கால் பெருக்கப்படாதது" சரியா?

முருகையா:
"ஆண்டாக்கப்படாதது" என்க. கல்வெட்டுகளில் வரும் "யாண்டு"தான் இந்த ஆண்டு. அரசன் ஆண்டதால் ஆண்டு என்பது பிற்காலப் பொருத்தம். யகரம் கெட்டதே காரணம்.

ரங்கன்:
ஐயா, யகரம் இருக்கட்டும். செல்வி, நான்கு வேண்டாம். ஒன்பது மாத முடிவிலும் இதே குறிப்பு வரும். அங்கே நாலா, ஒன்றேகாலா?

பாண்டி:
ஒன்பதிலிருந்து பன்னிரண்டென்றால் ஒன்றே முக்கால் இல்லையோ? நான் ஐஸ்கிரீம் கடைக்காரன். கோடை லாபத்தை நான்கால் பெருக்கிக் காட்டித்தான் கடன் வாங்கினேன். நவம்பர் மழையில் தவணை கட்டும்போதுதான் உறைத்தது.

ரங்கன்:
நாம் இருவருமே தப்பு, ஒன்றே மூன்றில் ஒன்று!

மீனா:
வருஷ விற்பனையில் கோடைக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்து, அந்த விகிதத்தில் லாபத்தைப் பெருக்கினால் போதுமே?

ரங்கன்:
விற்பனைக்குச் சரி, லாபத்துக்கு ஆகாது. வருஷ விற்பனை 240 கோடி, அதில் கோடைக் காலாண்டு 100 கோடி என்று வையுங்கள். சரக்குச் செலவு போக நூற்றுக்கு 25 நிற்கிறது. சம்பளம், வாடகை காலாண்டுக்கு 11 கோடி. மழைக்காலத்திலும் அதே 11. கோடை லாபம் 14 கோடி. நான்கால் பெருக்கினால் 56. உங்கள் கணக்கில் 2.4 மடங்கு, கிட்டத்தட்ட 34. உண்மையில் வருஷம் முழுக்க நிற்பது 60, போகிறது 44. லாபம் வெறும் 16! நடுவில் இரண்டு காலாண்டு நஷ்டம்கூட வரலாம்.

மீனா:
அப்போது எதைத்தான் பார்ப்பது?

ரங்கன்:
போன வருஷ லாபத்தோடு இந்தக் கோடையைக் கூட்டி, போன கோடையைக் கழியுங்கள். கடைசிப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். பருவத் தொழில்கள் இதைத் தந்தால் நல்லது என்றுதான் இந்திய கணக்கியல் தரம் 34-ம் சொல்கிறது. ஆனால் இது நடந்த கணக்கு. அடுத்த மார்ச்சில் வெயில் எப்படி என்று சொல்லாது.

முருகையா:
தொல்காப்பியத்தில் பெரும்பொழுது ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம். மூன்று மாதக் கூறே நமக்கு ஒட்டாதது.

பாண்டி:
அப்போ ஆறால் பெருக்கணுமா ஐயா?

செல்வி:
மணி பத்தரை. "முழு ஆண்டுக்குக் கணக்கிடப்படாதது" என்று அனுப்புகிறேன். மூன்று பேர் சரி என்றார்கள்.

முருகையா:
அது சொல் அன்று, விளக்கம். என் மறுப்பைக் குறித்துக்கொள்க.