ஈஸ் போட்ட பிறகும் நடுவில் நின்ற படம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

அல்சூர் எடிட்டர்

பெங்களூரில் கல்யாணம், அறுபதாம் கல்யாணம் மாதிரியான விசேஷங்களுக்கு வீடியோ எடிட் செய்கிறேன். போன மாதம் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு, அந்தத் தம்பதியின் பழைய கல்யாண குரூப் போட்டோவை மண்டபத்து எல்இடி திரையில் ஓட்ட வேண்டியிருந்தது. இடது ஓரத்தில் பாட்டி, நடுவில் மணமக்கள், வலது ஓரத்தில் ஒரு சின்னப் பையன். பாட்டி முகத்தில் தொடங்கி, மணமக்களைக் கடந்து, பையனிடம் போய் நிற்க வேண்டும். மொத்தம் 6 விநாடி.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 0, 3, 6 ஆகிய விநாடிகளில் பொசிஷனுக்கும் ஸ்கேலுக்கும் கீஃபிரேம் வைத்தேன். ஸ்கேல் 60இல் தொடங்கி 100க்குப் போனது. முதலில் ஈஸ் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். கயிறு கட்டி யாரோ இழுத்ததுபோல் படம் சட்டென்று கிளம்பி சட்டென்று நின்றது. உடனே எல்லாக் கீஃபிரேமையும் தேர்ந்தெடுத்து `F9` அழுத்தி ஈஸ் போட்டேன். தொடக்கமும் முடிவும் மெத்தென்று ஆகிவிட்டன.

ஆனால் வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, நடுவுல சிக்னல்ல நிக்கிற மாதிரி நின்னு போகுதே." எனக்கு அதுவரை தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எப்படிச் சரி செய்தீர்கள்?

மடிவாளா மோஷன்

எனக்கும் ஆரம்பத்தில் இதே பிரச்சினைதான் நண்பா. `F9` கொடுக்கும் 33 சதவீதம் போதாது. கிராஃப் எடிட்டரைத் திறந்து இன்ஃப்ளுயன்ஸை 80க்கு இழுத்து விடுங்கள். நான் லோகோ, டைட்டில் எல்லாவற்றுக்கும் 80தான் வைக்கிறேன். ஒரு கிளையன்ட்கூடக் குறை சொன்னதில்லை.

யூடியூப் தம்பி, மாரத்தஹள்ளி

என் வீடியோவும் நடுவில் குதிக்கிறது அண்ணா. போனில் எடுத்தது. ஈஸ் போட்டும் போகவில்லை. 80 வைத்தால் சரியாகுமா?

மாட்டுங்கா அக்கா

தம்பி, முதலில் உங்களுடையதைப் பார்ப்போம். கீஃபிரேம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் கிளிப்பை ஓட்டுங்கள். அப்போதும் குதித்தால் கோளாறு கிளிப்பில் இருக்கிறது. போன்கள் பலவும் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில் எடுப்பதில்லை. கிளிப்பை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் எடிட் செய்யுங்கள். எந்த கர்வும் அதைச் சரி செய்யாது.

அல்சூர் நண்பரே, நான் மும்பையில் டிவி ப்ரோமோ எடிட் செய்கிறேன். இதே தப்பைப் பல வருடம் செய்திருக்கிறேன். ஸ்பீடு கிராஃபைத் திறந்து பாருங்கள். இரண்டு குன்றும், நடுவில் பூஜ்யத்தைத் தொடும் ஒரு பள்ளமும் தெரியும். ஈஸ் என்பது அந்தக் கீஃபிரேமில் வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. நடுவிலும் அதைப் போட்டால் படம் நடுவிலும் நிற்கத்தான் செய்யும். ஒரே ஓட்டமாகப் போக வேண்டுமென்றால் ஈஸ் முதல் கீஃபிரேமுக்கும் கடைசிக்கும் மட்டும்தான்.

நடுவில் இருக்கும் பொசிஷன் கீஃபிரேமை வலது கிளிக் செய்து `Rove Across Time` கொடுங்கள். பாதை அந்த இடத்தின் வழியாகவே போகும், எந்த நேரத்தில் போவது என்பதை மட்டும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். கிராஃபில் ஒரே குன்று வரும். ஸ்கேலுக்கு இந்த வசதி கிடையாது, அதனால் ஸ்கேலின் நடுக் கீஃபிரேமை அழித்துவிடுங்கள்.

மடிவாளா நண்பர் சொன்ன 80 டைட்டிலுக்கு நன்றாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இருபுறமும் 33 வைத்தால் நடுவில் உச்ச வேகம் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு. இருபுறமும் 80 வைத்தால் 5 மடங்கு. இந்தப் போட்டோவில் அந்த உச்ச வேகம் வரும் இடத்தில் யார் நிற்கிறார்கள்? மணமக்கள்! அவர்கள் முகம் விருட்டென்று ஓடிப் போய்விடும். நடுவில் நிற்கும் பிரச்சினையும் 80 வைத்தால் குறையாது, இன்னும் நீண்ட நிறுத்தமாகத் தெரியும்.

அல்சூர் எடிட்டர்

அக்கா, ரோவ் செய்து பார்த்தேன். ஒரே ஓட்டமாகப் போகிறது, நன்றி. ஆனால் நீங்கள் சொன்னது நிஜம்தான்: விசேஷமே யாருக்கோ, அவர்களைத்தான் படம் வேகமாகக் கடக்கிறது. அதனால் நடுவில் நிஜமாகவே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். 9 விநாடியாக்கி, 3.5 முதல் 5.5 வரை ஒரே பொசிஷன் மதிப்பில் இரண்டு கீஃபிரேம் வைத்தேன். இப்போது நிற்க வேண்டிய அந்த 2 விநாடியில் படம் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கித் திரும்பி வருகிறது. மதிப்பு இரண்டிலும் ஒன்றேதான், மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

மாட்டுங்கா அக்கா

நிறுத்தியது நல்ல முடிவு. கண நேரம் நின்றால் தடுக்கியதுபோல் இருக்கும். 2 விநாடி நின்றால் பார்க்கச் சொல்லி நிறுத்தியதாகத் தெரியும்.

ஒதுங்குவதற்குக் காரணம் வேறு. வேகத்துக்கு ஒரு கர்வ், பாதைக்கு ஒரு கர்வ் என்று இரண்டு இருக்கின்றன. பொசிஷன் பாதையை மென்பொருள் தானாகவே வளைத்து வைக்கும். ஒரே இடத்தில் இரண்டு புள்ளி இருந்தாலும் வளைவுக்கான கைப்பிடிகள் இருப்பதால் நடுவில் ஒரு சின்னச் சுற்று உண்டாகிறது. ப்ரிவ்யூவில் பாதைக் கோட்டைப் பெரிதாக்கினால் அது தெரியும். அந்த இரண்டு கீஃபிரேமையும் தேர்ந்தெடுத்து `Keyframe Interpolation` திறந்து, `Spatial Interpolation` என்பதை மட்டும் `Linear` ஆக்குங்கள். `Temporal` பக்கம் தொடாதீர்கள், அங்கேதான் உங்கள் ஈஸ் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்ட் வெப்

நான் வீடியோ ஆள் இல்லை, வெப்சைட் அனிமேஷன் எழுதுகிறேன். எங்கள் டீமில் ஒரு வாரம் வீணானது பெயர்க் குழப்பத்தால். டிசைனர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கடைசிக் கீஃபிரேமுக்கு `Easy Ease In` போட்டு, அதையே குறிப்பில் எழுதி அனுப்பினார். நான் சிஎஸ்எஸ்ஸில் `ease-in` எழுதினேன். அவருடையது மெல்ல வந்து நின்றது, என்னுடையது மெல்லக் கிளம்பி முட்டி நின்றது. அங்கே அந்தப் பெயர் கீஃபிரேமுக்குள் நுழைவதைக் குறிக்கிறது, இங்கே அசைவின் தொடக்கத்தை. அவர் கேட்டது எங்கள் `ease-out`. இப்போதெல்லாம் பெயரை விட்டுவிட்டு எண்ணைத்தான் கேட்கிறேன். இருபுறமும் `F9` என்றால் இதுதான்:

```css
transition-timing-function: cubic-bezier(0.33, 0, 0.67, 1);
```

மடிவாளா மோஷன்

அக்கா, 33க்கும் 80க்கும் கிராஃப் போட்டுப் பார்த்தேன். போட்டோவுக்கு 80 அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். ஷாட் முழுக்க மெல்ல ஜூம் ஆகி, நகரும்போதே அடுத்த ஷாட்டுக்கு வெட்டினால், அங்கேயும் ஈஸ் வேண்டுமா?

மாட்டுங்கா அக்கா

நான் போடுவதில்லை. வெட்டுக்கு முன்பே வேகம் செத்துப்போனால் ஷாட் நீளமாகிவிட்டதுபோல் தெரிகிறது. கீஃபிரேமை வெட்டுக்கு வெளியே தள்ளிவைத்து, நகர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டுகிறேன்.

அல்சூர் எடிட்டர்

பாதையை `Linear` ஆக்கியதும் படம் அசையாமல் நிற்கிறது அக்கா. வெட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பழைய போட்டோக்களை அடுத்தடுத்து காட்டும்போது, ஒவ்வொன்றும் மெல்ல அடங்கிய பிறகு அடுத்தது வந்தால்தான் மண்டபத்தில் முகத்தை அடையாளம் கண்டு பேர் சொல்கிறார்கள். நகரும்போதே வெட்டிய ஒரு வீடியோவில் "அது யாரு, அது யாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த விசேஷத்துக்கு இரண்டு விதமாகவும் எடுத்துப் போய் ஓட்டிப் பார்க்கிறேன்.