'அல்முஹ்தல்லா': ஆக்கிரமித்ததா, ஆக்கிரமிக்கப்பட்டதா?

ரிஸ்வானா:
அரபுச் செய்திகளைத் தமிழாக்கிப் பழகுகிறேன். காதிப் என்றால் எழுதுபவர், மக்தூப் என்றால் எழுதப்பட்டது, இதில் குழப்பமில்லை. 'மு'வில் தொடங்கும் சொற்களில் கடைசிக்கு முந்தைய எழுத்தைப் பார்க்கிறேன். 'இ' ஒலி தரும் கஸ்ரா இருந்தால் செய்பவரைக் குறிக்கும் இஸ்மு ஃபாயில், 'அ' ஒலி தரும் ஃபத்ஹா இருந்தால் செயப்பட்டதைக் குறிக்கும் இஸ்மு மஃப்ஊல். முஸ்தக்பில் வரவேற்பவர், முஸ்தக்பல் எதிர்காலம்.

ஆனால் ஒரே செய்தியில் 'அல்அராழீ அல்முஹ்தல்லா' என்றும் 'அல்குவ்வாத் அல்முஹ்தல்லா' என்றும் வருகிறது. முதலாவது ஆக்கிரமிக்கப்பட்ட நிலங்கள். அப்படியானால் இரண்டாவது ஆக்கிரமிக்கப்பட்ட படைகளா? அச்சுப்பிழையா?

சாதிக்:
பிழை இல்லை. இப்படி நீண்ட 'ஆ'வோ, எழுத்து இரட்டிப்பதைக் காட்டும் ஷத்தாவோ வந்தாலே அது மஃப்ஊல்தான். முக்தார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முராது என்றால் நாடப்பட்டது. படைகளுக்கு வேறு பொருள் இருக்கும், அகராதியைப் பாருங்கள்.

இல்யாஸ்:
சாதிக் சொன்ன இரண்டு எடுத்துக்காட்டும் சரி, விதி சரியில்லை. முஹ்தாஜ் என்ற சொல்லிலும் 'ஆ' இருக்கிறது. அதன் பொருள் தேவையுள்ளவர். அது ஃபாயில்.

ரிஸ்வானா, வினையின் நிகழ்கால வடிவம் இரண்டையும் எழுதிப் பாருங்கள்: செய்வினை ஒன்று, செயப்பாட்டுவினை ஒன்று. பிறகு முதலெழுத்தை எடுத்துவிட்டு 'மு' வையுங்கள்.

அராத என்ற வினைக்கு யுரீது, யுராது என்று வரும். முரீது, முராது என இரண்டு தனிச் சொற்கள் கிடைத்துவிடும். நம் ஊர்களில் ஷைகிடம் பைஅத் செய்தவரை முரீது என்கிறோம், நாட்டம் நிறைவேறினால் முராது என்கிறோம். அதே இணைதான்.

இக்தாரவுக்கு யக்தாரு, யுக்தாரு. வேறுபாடு முதலெழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த எழுத்தைத்தான் நீங்கள் எடுத்துவிடப் போகிறீர்கள்! ஆகவே இரண்டுமே முக்தார். இஹ்தல்லவும் அப்படியே: யஹ்தல்லு, யுஹ்தல்லு, இரண்டுக்கும் முஹ்தல். அடியில் முஹ்தலில், முஹ்தலல் என்று இரண்டு இருந்தன. இரண்டு லாமும் ஒன்றோடொன்று சேர்ந்தபோது, பிரித்துக் காட்டிய கஸ்ராவும் ஃபத்ஹாவும் மறைந்துவிட்டன. ஹரகத் முழுக்கப் போட்டாலும் இதைத் தீர்க்க முடியாது.

அதனால் எந்தப் பெயரை அது வர்ணிக்கிறது என்று பார்க்க வேண்டும். நிலம் ஆக்கிரமிக்காது, படை ஆக்கிரமிக்கும். எனவே 'அல்குவ்வாத் அல்முஹ்தல்லா' என்பது ஆக்கிரமிப்புப் படைகள். பின்னால் 'லில்மதீனா' என்று லாம் வந்து நகரத்தைச் செயப்படுபொருளாகக் காட்டினால் ஃபாயில் உறுதி. யாரால் என்று காட்டும் 'மின் கிபல்' வந்தால் மஃப்ஊல்.

நஸ்ரின்:
இல்யாஸ் சொன்ன வழியை அப்படியே எல்லா வினைக்கும் போட்டால் ஒரு இடத்தில் சறுக்கும். தஅல்லமவின் செய்வினை நிகழ்காலம் யதஅல்லமு. 'மு' மட்டும் மாற்றினால் முதஅல்லம் என்று வரும், அது மஃப்ஊல். கற்பவர் முதஅல்லிம். 'மு' வைத்ததோடு நிற்காமல், ஃபாயிலுக்குக் கடைசிக்கு முந்தைய எழுத்தில் கஸ்ராவும் போட வேண்டும். அந்த எழுத்து 'ஆ'வாகவோ ஷத்தாவுக்குள்ளோ போய்விட்டால்தான் கஸ்ராவுக்கு இடம் இல்லை.

அப்துல் காதர்:
எனக்கும் இதே சந்தேகம்தான். ஃபாத்திஹாவில் 'அல்மஃக்ளூபி அலைஹிம்' என்று ஒருமையில் வருகிறது, அடுத்து 'அள்ளால்லீன்' பன்மையில் வருகிறது. பலரைத்தானே சொல்கிறது, ஏன் மஃக்ளூபீன் இல்லை?

இல்யாஸ்:
அது வேறு சந்தேகம், ஆனால் பக்கத்தில்தான் இருக்கிறது. கோபிப்பதற்கான ஃகளிப என்ற வினை நேராகச் செயப்படுபொருள் கொள்ளாது, 'அலா' வழியாகத்தான் கொள்ளும். அத்தகைய வினையின் மஃப்ஊல் ஆண்பால் ஒருமையிலேயே நிற்கும். பாலும் எண்ணும் பின்னால் வரும் பிரதிப்பெயரில் காட்டப்படும்: ஒருவர் என்றால் அலைஹி, ஒரு பெண் என்றால் அலைஹா, பலர் என்றால் அலைஹிம். வழிதவறுவோரைச் சொல்லும் 'அள்ளால்லீன்' ஃபாயில். அது தானே பன்மை எடுக்கிறது.

முஹ்தாஜையும் இப்படிப் பிரிக்கலாம். தேவையுள்ள மக்கள் முஹ்தாஜூன். தேவைப்படும் பொருள்களுக்கு 'முஹ்தாஜ் இலைஹா'.

நஸ்ரின்:
பன்மையும் ஒரு துப்பு. பெயராக நிலைத்துவிட்ட சொல்லுக்குப் பெரும்பாலும் வேறு பன்மை அமையும். மாணவர்கள் துல்லாப், ஒன்றைத் தேடிக் கேட்பவர்கள் தாலிபூன். ஊர்த்தலைவர் என்ற முக்தாருக்கு மகாதீர், தொகுத்த பாடல்களுக்கு முக்தாராத். மகாதீர் என்று கண்டால் அங்கே 'தேர்ந்தெடுப்பவர்களா' என்று யோசிக்கவே வேண்டாம்.

ரிஸ்வானா:
படைகள் தெளிந்தது. 'அல்லஜ்னா அல்முக்தாரா' என்று மட்டும் ஒரு தலைப்பு இருக்கிறது. குழு தேர்ந்தெடுக்கவும் செய்யும், தேர்ந்தெடுக்கப்படவும் செய்யும். பின்னால் லாமும் இல்லை, 'மின் கிபல்' இல்லை.

சாதிக்:
தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. இதில் என் விதி பொருந்துகிறது.

இல்யாஸ்:
விதி பொருந்தியதால் அல்ல, வழக்கு அப்படி. முக்தார் அடைமொழியாகத் தனியே நின்றால் பெரும்பாலும் மஃப்ஊல்தான், நானும் அப்படித்தான் எடுப்பேன். ஆனாலும் தலைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். செய்தியின் முதல் பத்தியில் அந்தக் குழுவை யாராவது நியமித்ததாக வருகிறதா, குழு யாரையாவது நியமித்ததாக வருகிறதா? அந்தப் பத்தியைப் போடுங்கள்.