பணம் கட்டிய ஆன்லைன் வகுப்பு நடக்கவே இல்லை: டிஸ்ப்யூட் போட 120 நாள் எந்தத் தேதியிலிருந்து?

தென்றல் (கேள்வி)

வணக்கம். ஜனவரி 10 அன்று டேட்டா அனலிசிஸ் நேரலை வகுப்பு ஒன்றுக்கு கிரெடிட் கார்டில் முழுக் கட்டணத்தையும் கட்டினேன். மொத்தம் 24 நேரலை வகுப்புகள், பிப்ரவரி 3 தொடக்கம் என்று ரசீது மெயிலிலேயே இருக்கிறது. ஜனவரி கடைசியில் இன்னொரு மெயில் வந்தது: "ஆசிரியர் மாற்றம் காரணமாக உங்கள் பேட்ச் ஏப்ரல் 7 அன்று தொடங்கும்." சரி என்று காத்திருந்தேன். ஏப்ரல் 7 வந்தது, வகுப்பு வரவில்லை. கேட்டால் "பேட்ச் விரைவில் தொடங்கும், தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று ஒரே வரி.

மே மாதம் நான் எழுதிய மெயில்: "வகுப்பு எந்தத் தேதியில் தொடங்கும் என்று ஏழு நாளுக்குள் சொல்லுங்கள். முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்." அதற்கு வந்த பதில்: "கட்டணம் திருப்பித் தரப்படாது என்று விதிமுறையில் உள்ளது. நேரலைக்குப் பதிலாக முந்தைய பேட்ச்சின் பதிவு வீடியோக்களைப் பார்த்துக்கொள்ளலாம்." கூடவே ஒரு லிங்க். நான் அதைத் திறக்கவில்லை, பதிலும் போடவில்லை.

இன்று ஜூன் 18. வங்கியின் கஸ்டமர் கேரில் கேட்டால், பணம் கட்டி 120 நாள் தாண்டிவிட்டது, டிஸ்ப்யூட் எடுக்க முடியாது என்கிறார்கள். இது சரியா? எழுத்தில் அனுப்பிப் பார்க்கலாம் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்:

"இந்த நிறுவனம் என்னை ஏமாற்றிவிட்டது. வகுப்பு தரமற்றது. என் சேர்க்கையை ரத்து செய்து பணத்தை மீட்டுத் தரவும். மெயில்கள் இணைப்பில்."

எதை மாற்ற வேண்டும்?

மழைக்காலம்

முதலில் கார்டை பிளாக் பண்ணுங்க. அப்புறம் "இந்தப் பரிவர்த்தனை நான் செய்யவில்லை" என்று ஃபார்மில் டிக் பண்ணுங்க. அந்த வகையில் பணம் சீக்கிரம் வரும், என் தம்பி கார்டு திருடு போனப்போ அப்படித்தான் கிடைத்தது.

கணக்குப்பிள்ளை

கார்டு திருடு போகவில்லையே, பணம் கட்டியது அவரேதான். அந்த டிக் போட்டால் பொய் வாக்குமூலம் ஆகிவிடும். ஓடிபி போட்டுக் கட்டிய பதிவும் அவரே எழுதிய மெயில்களும் அதை ஒரே நாளில் உடைத்துவிடும்.

ஆனால் 120 நாள் என்பது உண்மை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டுக்கும் அதுதான் கணக்கு. ஜனவரி 10-லிருந்து எண்ணினால் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. இனி நுகர்வோர் நீதிமன்றம்தான் வழி என்று நினைக்கிறேன்.

பழைய மேசை

பாதி சரி. ஒரு வங்கியின் டிஸ்ப்யூட் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

120 நாள் சரி, எண்ணத் தொடங்கும் நாள்தான் தவறு. கட்டிய நாளிலிருந்து எண்ணுவது பல வகை டிஸ்ப்யூட்டுக்குப் பொருந்தும். பின்னொரு நாளில் தர வேண்டிய சேவை வரவில்லை என்றால், அது எந்த நாளில் வந்திருக்க வேண்டுமோ அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நீட்டித்துக்கொண்டே போக முடியாது என்பதற்காகப் பணம் கட்டியதிலிருந்து 540 நாள் என்று ஒரு வெளி எல்லையும் உண்டு. நீங்கள் அதற்கு வெகு உள்ளே இருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் தேதிகள். பிப்ரவரி 3-லிருந்து எண்ணினால் இன்றைக்கு 135 நாள், கதவு மூடிவிட்டது. ஏப்ரல் 7-லிருந்து எண்ணினால் 72 நாள்தான், ஆகஸ்ட் 5 வரை இடம் இருக்கிறது. ஆக எல்லாம் அந்த ஜனவரி மெயிலில் நிற்கிறது. தொடக்கத் தேதியை ஏப்ரல் 7-க்கு மாற்றியது விற்றவரே, எழுத்தில் மாற்றியிருக்கிறார். எனவே நீங்கள் சேவையை எதிர்பார்த்த கடைசித் தேதி ஏப்ரல் 7. இணைப்புகளில் முதல் தாளாக அதுதான் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசுகிறவரின் திரையில் பரிவர்த்தனைத் தேதி மட்டுமே தெரியும், அதிலிருந்து எண்ணிச் சொல்லிவிடுவார். எழுத்தில் போனால் கோப்பைத் திறந்து பார்க்கிற ஒருவர் கைக்குப் போகும்.

அடுத்து உங்கள் கடிதம். மூன்று வாக்கியத்தில் மூன்று வேறு புகார்கள் இருக்கின்றன. "தரமற்றது" என்றால் வகுப்பு நடந்தது, பிடிக்கவில்லை என்று ஆகிறது. "ரத்து செய்து" என்றால் நீங்களாக விலகுகிறீர்கள் என்று ஆகிறது, அப்போது "திருப்பித் தரப்படாது" என்ற விதிமுறை அவர்களுக்குக் கைகொடுக்கும். அந்த விதிமுறை விலகுகிறவருக்குத்தான், வகுப்பே நடத்தாதவர் பணத்தை வைத்துக்கொள்வதற்கு இல்லை. "ஏமாற்றிவிட்டது" என்பது மோசடிப் பிரிவுக்குத் தள்ளிவிடும். உங்களுக்கு வேண்டியது ஒரே காரணம்: சேவை கிடைக்கவில்லை. விசாவில் அதன் எண் 13.1, மாஸ்டர்கார்டில் 4853-க்குள் வரும். எண்ணை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, எழுதினால் சரியான மேசைக்குப் போகும்.

உங்கள் மே மாத மெயிலில் "தேதி சொல்லுங்கள், முடியாது என்றால் பணத்தைத் திருப்புங்கள்" என்று எழுதியது மிக நல்லது. விற்றவரோடு பேசித் தீர்க்கப் பார்த்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. வங்கி அதைக் கேட்காமல் விடாது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஜனவரி 10 அன்று இந்தக் கார்டில் கட்டிய தொகைக்கு 24 நேரலை வகுப்புகள் தருவதாக விற்றவர் ஒப்புக்கொண்டார் (இணைப்பு 1). தொடக்கத் தேதியை அவரே ஏப்ரல் 7-க்கு மாற்றினார் (இணைப்பு 2). அன்றும் அதற்குப் பிறகும் ஒரு வகுப்பும் நடக்கவில்லை, புதிய தேதியும் தரப்படவில்லை (இணைப்பு 3). வகுப்பையோ பணத்தையோ தரும்படி எழுத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார் (இணைப்பு 4, 5). மாற்றாகச் சொன்ன பதிவு வீடியோக்களை நான் ஏற்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை (இணைப்பு 6). சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்தின் கீழ் முழுத் தொகையையும் திரும்பக் கோருகிறேன். கால வரம்பை ஏப்ரல் 7-லிருந்து கணக்கிட வேண்டுகிறேன்."

ஆறாவது இணைப்பு இன்னும் உங்களிடம் இல்லை, இன்றைக்கே உருவாக்குங்கள். "நான் வாங்கியது நேரலை வகுப்பு, பதிவு வீடியோக்களை ஏற்கவில்லை" என்று ஒரு பதில் மெயில் போதும். நீங்கள் சும்மா இருந்தால் "மாற்று கொடுத்தோம், மறுக்கவில்லை" என்பார்கள். லிங்க்கைத் திறக்காதது நல்லதாய்ப் போயிற்று. திறந்திருந்தால் லாகின் நேரமும் ஐபி முகவரியும் அவர்கள் பதிலில் முதல் பக்கமாக வந்திருக்கும்.

தென்றல்

ரொம்ப நன்றி. மறுப்பு மெயில் இப்போதே அனுப்பிவிட்டேன். இரண்டு சந்தேகம். ஸ்டேட்மென்ட்டில் அந்த நிறுவனத்தின் பெயர் இல்லை, வேறு ஏதோ பெயர் வந்திருக்கிறது. அப்புறம், மெயில்களை ஸ்கிரீன்ஷாட்டாகக் கொடுத்தால் போதுமா?

பழைய மேசை

பெயர் மாறியிருப்பது சகஜம், பணம் வாங்கித் தரும் இடைநிறுவனத்தின் பெயராக இருக்கலாம். ரசீது மெயிலில் உள்ள ஆர்டர் எண், தொகை, தேதி மூன்றும் ஸ்டேட்மென்ட் வரியோடு ஒத்துப்போவதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "எந்த நிறுவனம்" என்று கேட்டே ஒரு சுற்றுக் கடிதம் போகும்.

ஸ்கிரீன்ஷாட்டை விட, மெயிலைத் திறந்து அச்சிடும் வழியில் பிடிஎஃப் ஆகச் சேமிப்பது மேல். அனுப்பியவர் முகவரி, பெறுநர், தேதி, நேரம் எல்லாம் முழுதாக வரும். கைபேசியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் "3 வாரம் முன்பு" என்றுதான் பல நேரம் தெரியும், அது தேதி ஆகாது. நீளமான உரையாடலை ஒரே கோப்பாகக் கொட்டாமல், மெயிலுக்கு ஒரு கோப்பு, பெயரில் தேதி முதலில். கூடவே உங்கள் கணக்கில் நுழைந்தால் தெரியும் வகுப்பு அட்டவணைப் பக்கத்தையும் சேர்க்கலாம், வீடியோ பகுதிக்குள் மட்டும் போக வேண்டாம்.

அலைபேசிக்காரி

என் கதை கொஞ்சம் வேறு. ஓவியப் பயிற்சியில் பாதி வகுப்பு நடந்தது, அதோடு நிறுத்திவிட்டார்கள். முழுத் தொகைக்கும் டிஸ்ப்யூட் போட்டேன், விற்றவர் நடந்த வகுப்புகளின் வருகைப் பதிவை அனுப்பினார், வங்கி நடக்காத பகுதிக்கு மட்டும்தான் ஒத்துக்கொண்டது. தென்றலுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, முழுத் தொகை கேட்பது நியாயம்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நடுவில் விற்றவர் போன் பண்ணி "டிஸ்ப்யூட்டை வாபஸ் வாங்குங்க, நாங்களே ரீஃபண்ட் போடுறோம்" என்றார். நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அதே பரிவர்த்தனைக்குத் திரும்பப் போட முடியாது என்று வங்கியில் சொன்னார்கள்.

பழைய மேசை

அது முக்கியம். ரீஃபண்ட் போட்டால் அதே கார்டில் பணம் வந்து தெரியட்டும், அதற்குப் பிறகு வாபஸ். இல்லையென்றால் இரண்டும் போய்விடும்.

கணக்குப்பிள்ளை

எதிர்பார்த்த தேதியிலிருந்து எண்ணுவது எனக்குப் புதிது. ஆனால் ஒரு கேள்வி: ஏப்ரலுக்கு மாற்றியதைத் தென்றல் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் ஒன்றும் இல்லையே. வங்கி பிப்ரவரி 3-தான் தேதி என்று நின்றால்?

பழைய மேசை

நிற்கலாம், மறுக்க மாட்டேன். எங்கள் பிரிவிலேயே இதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. என் பார்வையில், மாற்றியது விற்றவர், காத்திருந்தது வாங்கியவர், ஆகையால் மாறிய தேதியே பொருந்தும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு, அந்த மெயிலை மேற்கோள் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

தென்றல்

இன்று கடிதத்தையும் ஆறு இணைப்புகளையும் அனுப்பினேன். "சேவை கிடைக்கவில்லை" என்ற வகையில் பதிவு செய்திருக்கிறார்கள், புகார் எண் வந்துவிட்டது. கணக்கில் தற்காலிகமாகப் பணம் வரலாம் என்றார்கள். அது வந்தால் முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

பழைய மேசை

கூடாது. விற்றவர் தரப்புக்குப் பதில் சொல்ல அவகாசம் உண்டு, விசாவில் 30 நாள், மாஸ்டர்கார்டில் 45 நாள். அவர்கள் ஆவணம் அனுப்பி எதிர்த்தால் அந்தப் பணத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படி நடந்தால் அவர்கள் அனுப்பிய ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கி, குறித்த நாளுக்குள் பதில் போடுங்கள். அதில் வீடியோ லிங்க்கைத் தவிர வேறு என்ன காட்டுகிறார்கள் என்று இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.