வளர்ச்சி உளவியல் தேர்வுக்கு 24 நாள்: திரும்பத் திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதுவதா?

அம்பை மாணவி: வளர்ச்சி உளவியல் இறுதித் தேர்வுக்கு 24 நாள் இருக்கு. ஐந்து யூனிட். நாள் இடைவெளி விட்டு, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். எந்த நாளில் எந்த யூனிட்டை எடுப்பது? தினமும் பாளைக்கு பஸ்ஸில் போய்வருவதால் சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும்.

கல்லிடை ராசா: தங்கச்சி, நேரம் குறைவுன்னா எழுதிப் பார்த்து வீணாக்காதே. மூன்று தடவை நிதானமாகப் படி, நான் எம்.ஏ. முடித்ததே அப்படித்தான். மூடிவைத்து எழுதினால் பாதி வராது, மனசுதான் விட்டுப்போகும்.

தென்காசி அக்கா: இடைவெளி ரொம்ப முக்கியம்மா. நான் நர்சிங் படிக்கையில் ஐம்பது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் ஓய்வு என்று வைத்திருந்தேன், தலைவலியே வராது.

பொருநைக்கரை: அக்கா, அது ஓய்வு இடைவெளி. இங்கே கேட்பது ஒரே பாடத்தை மறுபடி எடுக்கும் நாள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி.

ராசா அண்ணாச்சி சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், ஒரே தடவை படித்துவிட்டு மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியவர்கள் ரொம்ப முன்னே போய்விட்டார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே.

திட்டம் இப்படி வைக்கலாம். 1, 3, 5, 7, 9ஆம் நாள்களில் வரிசையாக ஒவ்வொரு யூனிட்டையும் ஒரே ஒரு தடவை படியுங்கள். படித்த மறுநாள் வெற்றுத்தாளில் முதல் தடவை எழுதுங்கள், அடுத்த தடவை நான்கு நாள் கழித்து, அதற்கடுத்தது ஆறு நாள் கழித்து. முதல் யூனிட்டுக்கு 2, 6, 12ஆம் நாள்கள் வரும், ஐந்தாவதற்கு 10, 14, 20. ஒரே நாளில் இரண்டு யூனிட்டுக்கு மேல் மோதாது. 21 முதல் 23 வரை எல்லா யூனிட்டையும் கலந்து பழைய வினாத்தாள். முதல் இடைவெளியை மட்டும் நீட்டாதீர்கள், ஒன்றுமே வராமல் போனால் எழுதிப் பார்ப்பதில் பலனில்லை.

கல்லிடை ராசா: சரி, ஆனால் தப்பாக எழுதினால் தப்புதானே மனசில் தங்கும்?

பொருநைக்கரை: தங்கும், அண்ணாச்சி, திருத்தாமல் விட்டால். எனக்கே நடந்தது. குழந்தைக்கு அம்மாவோடு உள்ள பிணைப்பு எப்படிப்பட்டது என்று பார்க்கும் மேரி எயின்ஸ்வொர்த்தின் அந்நியச் சூழல் சோதனையை எழுதும்போது "அம்மா வெளியே போனதும் அழும் குழந்தை பாதுகாப்பற்ற பிணைப்பு" என்று இரண்டு தடவை எழுதினேன், சரளமாக வந்ததால் சரி என்றே நினைத்தேன். பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தையும் அழலாம். அம்மா திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு சமாதானமாகிவிட்டால் ஒரு வகை, கண்டுகொள்ளாமல் விளையாடினால் இன்னொன்று, தூக்கச் சொல்லிவிட்டு உதைத்துத் திமிறி அழுகையை நிறுத்தாவிட்டால் மூன்றாவது. ஆகவே எழுதி முடித்த உடனே வேறு நிறப் பேனாவால் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தவறிய வரியைப் பார்த்து எழுதாமல் மறுபடி மூடிவைத்து ஒரு தடவை எழுதுங்கள், அந்த யூனிட்டை அடுத்த தடவை எழுதும் நாளில் அதையே முதல் கேள்வியாக்குங்கள்.

கல்லிடை ராசா: அப்போ ஒரு தடவை சரியாக வந்ததை விட்டுவிடலாம். குழந்தையின் அறிவு வளர்ச்சிக்குப் பியாஜே சொன்ன நான்கு நிலையும் வந்துவிட்டால் அப்புறம் எதற்கு?

பொருநைக்கரை: வேண்டாம். அங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். அதே ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2008இல், ஒரு தடவை சரியாகச் சொன்ன சொற்களைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து அவை பெரும்பாலும் மறந்துபோயிருந்தன. வேண்டுமானால் கேள்வியை மாற்றுங்கள். நிலைகளின் பெயரைக் கேட்பதற்குப் பதில், "குட்டையான டம்ளரிலிருந்து உயரமான டம்ளருக்குத் தண்ணீரை ஊற்றியதும் கூடிவிட்டது என்கிறாள் ஐந்து வயதுப் பிள்ளை, ஏன்?" என்று கேளுங்கள்.

தென்காசி அக்கா: எனக்கு அட்டையில் சின்னச் சின்னக் கேள்விதான் கைகொடுத்தது, ஆனால் பத்து மதிப்பெண் கேள்வியில் கோத்து எழுத வரவில்லை. அதற்கு வெற்றுத்தாள்தான் சரி என்று இப்போது படுகிறது.

பொருநைக்கரை: இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து அக்கா. பஸ்ஸில் அட்டை, வீட்டில் தாள்.

கல்லிடை ராசா: அந்த பஸ் கூட்டத்தில் அட்டையா? அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்பை மாணவி: சேரன்மகாதேவியில் உட்கார இடம் கிடைக்கும் அண்ணாச்சி. முதல் யூனிட்டை நேற்று படித்துவிட்டு இன்று எழுதினேன், அரைப்பக்கம்தான் வந்தது. எரிக்சனின் எட்டு நிலைகளில் மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றி எழுதியிருக்கிறேன். 6ஆம் நாள் முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.