புதுப்பிப்பு: திரும்பி வந்த லெக்கிங்ஸ்

போன வாரம் நான் கேட்டது: "38 அங்குல இடுப்பு வரை இழுபடும் என்று விற்பனைக் குறிப்பில் எழுதியும் நான் விற்கும் லெக்கிங்ஸ் ஏன் திரும்பி வருகிறது?"

திருப்பூர் தையல் யூனிட் அக்கா சொன்னபடி, துணியில் 50 செ.மீ. கட்டம் வரைந்து துவைத்துக் காயவைத்தேன். நீளவாக்கில் 47 தான் நின்றது, 6 சதவீதம் போச்சு. "5 சதவீதம் லைக்ரா இருக்கே, சுருங்காது" என்று பதில் சொன்ன தம்பி பாதிதான் சரி. லைக்ரா இழுத்ததைத் திரும்பக் கொண்டுவரும்; மீதி 95 காட்டன் சுருங்கத்தான் செய்யும்.

முழுதாக இழுத்த 38-ஐப் போட்டதுதான் என் தப்பு. அவ்வளவு இழுத்தால் தொடையில் உள்ளே தெரிகிறது. இப்போது எழுதியிருப்பது: "இழுக்காமல் இடுப்பு 26 அங்குலம், 30 முதல் 34 வரை வசதி. நீளம் 38, துவைத்தபின் சுமார் 36."

நைட்டிக்கு இழுவையே கிடையாது, அப்புறம் மார்பளவில் எவ்வளவு தளர்வு சொல்வது? அக்கா 4 அங்குலம் என்கிறார், வாங்குபவர்கள் 8 கேட்கிறார்கள்.