ஓசூருக்கு மாறுவதற்கு முன் அங்கே வேலைச் சந்தையை எப்படிக் கணிப்பது?

கோவை செட்டர்: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் இடத்தில் சிஎன்சி செட்டர் வேலை. ஓசூரில் ஒரு சப்ளையர் கூப்பிடுகிறார். குடும்பத்தோடு போவதற்கு முன் அந்த ஊரை எப்படி எடைபோடுவது?

செல்வா: டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், ஏத்தர் எல்லாம் அங்கேதான். வேலைத் தளத்தில் தேடுங்க, பக்கம் பக்கமா வரும். கிளம்புங்க.

மீனா (ஹெச்ஆர்): ஒரே காலியிடத்தை நாலு கன்சல்டன்சி போட்டா நாலு விளம்பரம்தான் செல்வா. மூணு மாசமா அதே வேலை திரும்பத் திரும்ப வந்தா, ஆள் நிக்கலைன்னு சந்தேகப்படணும். மெஷினிங்கில் பெரும்பங்கு சப்ளையர்கிட்ட நடக்குது. அதனால செட்டர் எடுக்கிற சப்ளையர்களைப் பெயரோட எழுதுங்க. ஒவ்வொண்ணையும் இபிஎஃப்ஓ தளத்தில் Establishment Search-ல் தேடினா, மாதாமாதம் எத்தனை பேருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் பிஎஃப் பணம் கட்டினாங்கன்னு தெரியும். அடுத்த மாசம் 15-க்குள்ள கட்டணும். தொடர்ந்து தாமதம்னா கையில காசு இல்லை.

செல்வா: அதுவும் சரி. தலை எண்ணிக்கை ஏறினா கம்பெனி வளருதுன்னு அர்த்தம்.

மீனா (ஹெச்ஆர்): அப்படி எடுத்துக்க முடியாது. ஒரே பிஎஃப் பதிவு எண்ணில் வேற ஊர் யூனிட்டும் சேரலாம். கான்ட்ராக்ட் ஆட்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டரோட பதிவு எண்ணில் இருப்பாங்க, அப்ரண்டிஸ் கணக்கிலேயே வரமாட்டாங்க. 80 பேர்னு காட்டுற இடத்தில் ஷாப் ஃப்ளோர்ல 200 பேர் இருந்தா, நிரந்தர வேலை கொஞ்சம்தான். தொகையை ஆளால வகுத்தும் பாருங்க. தொழிலாளி பங்கு, கம்பெனி பங்கு இரண்டும் கட்டணமும் சேர்த்து பிஎஃப் சம்பளத்தில் சுமார் 25 சதவீதம். 200 பேருக்கு 5 லட்சம்னா தலைக்கு 2,500, அதாவது சராசரி பிஎஃப் சம்பளம் 10,000 தான். ஆனா 15,000-க்கு மேல பல இடத்தில் கணக்கிடமாட்டாங்க. அதனால உங்க சம்பளத்துக்கு இது தராசு ஆகாது.

ராஜ்குமார்: என் மனைவி நர்ஸ். ஓசூர்ல தங்கி பெங்களூர் பக்கம் வேலைக்குப் போகலாமா?

மீனா (ஹெச்ஆர்): இங்க கேள்வி சிஎன்சி பத்தி. சுருக்கமா: கர்நாடகத்தில் வேலை செய்ய அந்த மாநில நர்சிங் கவுன்சில் பதிவு வேணும். தமிழ்நாட்டு கவுன்சிலில் தடையின்மைச் சான்றை முதல்ல வாங்கிடுங்க.

பொம்மசந்திரா ஆள்: மீனா சொன்னதில் ஒண்ணு விடுபட்டுப்போச்சு. ஓசூரை மட்டும் எண்ணக்கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கிற அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணியையும் சேர்த்தா பட்டியல் நல்லாவே நீளும்.

மீனா (ஹெச்ஆர்): ஷிஃப்ட் நேரத்தில் எல்லையைத் தாண்டிப் பாருங்க. கம்பெனி பஸ் இல்லாத இடத்தை நான் எண்ணமாட்டேன். இன்னொண்ணு, பட்டியலில் பத்து சப்ளையர் இருந்தும் எல்லாருமே ஒரே வண்டிக் கம்பெனிக்கு பார்ட்ஸ் கொடுத்தா, ஆர்டர் குறையுற மாசம் பத்து கதவும் சேர்ந்தே மூடும்.

பொம்மசந்திரா ஆள்: கோவையில் மட்டும் என்ன, பம்ப் சீசன் விழுந்தா இதே கதைதான். பஸ் இல்லைன்னா பைக் இருக்கு. நான் எண்ணுவேன்.

கோவை செட்டர்: கூப்பிட்டவங்க பிஎஃப் பக்கத்தை இப்பதான் பார்த்தேன். மூணு மாசம் 15-க்கு அப்புறம்தான் கட்டியிருக்காங்க. யாருக்கு பார்ட்ஸ் கொடுக்கிறாங்கன்னு முதல்ல கேட்கிறேன்.