அப்பா முணுமுணுக்கிற பாட்டு: ஐந்து சுரம் பிடிச்சாச்சு, ராகம் பிடிபடுதில்லை. உதவி தேவை

வெள்ளவத்தை மகள்:

வணக்கம். அப்பா இளம் வயதில் இலங்கை வானொலியில் கேட்ட ஒரு பாட்டை இப்ப அடிக்கடி முணுமுணுக்கிறார். என்ன பாட்டு என்று கேட்டால் தெரியாது, பாடினது ஆர் என்றாலும் தெரியாது. "பொம்பிளைக் குரல், ஆறுதலான பாட்டு" என்றதோடு சரி. வரிகள் ஒன்றும் வாயில் வருதில்லை, வெறும் "ன ன னா" தான். போனில் முணுமுணுத்துத் தேடியும் பார்த்தேன், ஏதேதோ புதுப் பாட்டுகள் வந்தன.

மகனின் கீபோட்டில் பல்லவியை வாசித்துப் பார்த்தேன். சி, டி, எஃப், ஜி ஷார்ப், ஏ என்று ஐந்து சுரங்கள் மட்டும் வருகின்றன. பாட்டு சியில்தான் தொடங்குகிறது, அதனால் சியை சட்ஜமாக வைத்தேன். அப்படி வைத்தால் ச, ரி, ம, அதற்குப் பிறகு பஞ்சமம் இல்லாமல் இரண்டு தைவதம் வருகிறது. இப்படி ஒரு ராகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் சின்னனில் கொஞ்சம் பாட்டுப் படித்தவள், அவ்வளவுதான். எங்கே பிழைக்கிறது?

ராகப்பித்தன்:

அக்கா, பாட்டு தொடங்குகிற சுரம்தான் சட்ஜம் என்று ஒரு சட்டமும் இல்லை. காந்தாரத்தில் தொடங்குகிற பாட்டு எத்தனையோ இருக்கு. வந்து முடிகிற இடத்தைப் பாருங்கோ.

என்னைக் கேட்டால் ஜி ஷார்ப் உங்கள் விரல் பிழை, அது ஜியாக இருக்கும். வயசானவர்களின் குரல் கொஞ்சம் ஏறி இறங்கும்தானே. ஏயை சட்ஜமாக வைத்து ஏ, சி, டி, எஃப், ஜி என்று வாசியுங்கோ. அசல் ஹிந்தோளம். விஷயம் முடிஞ்சுது.

தெகிவளை அம்மா:

என் மகளும் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ராகம் இனங்காணுகிற கேள்வியில் ஹிந்தோளமும் சுத்த தன்யாசியும் அவளுக்கு எப்பவும் மாறிப்போகுது. ரீச்சர் பாடும்போது சரியாகச் சொல்கிறாள், ஆனால் வேறு ஆரும் பாடினால் பிழைக்குது. இதற்கு ஏதாவது வழி சொல்லுவீர்களா?

வீணை ரீச்சர்:

தெகிவளை அம்மா, மகள் ராகத்தை விட்டுவிட்டு ரீச்சரின் குரலை அடையாளம் வைத்திருக்கிறாள் போல. ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லை, சுத்த தன்யாசியில் இருக்கு. பாடும்போது பஞ்சமத்தில் ஒரு தரமாவது நிற்கிறார்களா என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கோ. அவளைப் பற்றித் தனி இழை தொடங்கினால் விரிவாகக் கதைக்கலாம்.

இனி வெள்ளவத்தை மகளுக்கு. சட்ஜத்தைப் பற்றித் தம்பி ராகப்பித்தன் சொன்னது சரி. ஆனால் ஒரு ராகத்துக்குள் அடக்குவதற்காகக் கேட்ட சுரத்தை மாற்றக் கூடாது. முதலில் அந்த ஒரு சுரத்தைத் தீர்த்துக்கொள்ளுவோம்.

அப்பா பாடுவதைப் போனில் பதிந்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கோ. ஓடிப்போகிற இடத்தில் கேட்டு ஒன்றும் முடிவெடுக்க முடியாது. அந்தச் சுரத்தில் அவர் நின்று இழுக்கிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும், அந்த இடத்தில் மட்டும் கீபோட்டோடு ஒத்துப் பாருங்கோ. இன்னொரு வழி: "சாமஜவரகமனா" உங்களுக்குப் பாடம் இருக்கும். தியாகராஜரின் ஹிந்தோளக் கிருதி. அதை ஏ சுருதியில் பாடினால் சட்ஜத்துக்குக் கீழே இருக்கிற நிஷாதம் ஜியில் விழும், நடுவில் ஒரு கட்டையை விட்டுத் தாண்டி வரவேணும். அப்பாவின் பாட்டில் நிஷாதம் சட்ஜத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அது ஹிந்தோளம் இல்லை.

வெள்ளவத்தை மகள்:

நன்றி ரீச்சர். பாதி வேகத்தில் கேட்டேன். இரண்டாவது அடியின் கடைசியில் அந்தச் சுரத்தில் நன்றாக நிற்கிறார், பிறகுதான் ஏக்குப் போகிறார். ஜி ஷார்ப்தான், சந்தேகமில்லை. ஜியை வாசித்தால் பல்லைக் கூசுது. சாமஜவரகமனாவையும் பாடிப் பார்த்தேன், அந்த இடத்தில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரியுது.

ராகப்பித்தன்:

அப்ப ஹிந்தோளத்தின் நிஷாதத்தை மட்டும் ஏற்றினால் சந்திரகௌன்ஸ். அது இந்துஸ்தானி ராகம், ஆனால் தமிழ்ச் சினிமாவில் நிறைய வந்திருக்கு. இப்பவாவது விஷயம் முடிஞ்சுதா ரீச்சர்?

வீணை ரீச்சர்:

பாதி தூரம் வந்திருக்கிறோம். ஏதான் சட்ஜம் என்று நாங்கள் இன்னும் ஊகத்தில்தான் சொல்கிறோம்.

இதே ஐந்து கட்டைகளையும் டியை சட்ஜமாக வைத்து ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. டி, எஃப், ஜி ஷார்ப், ஏ, சி. அதாவது ச, சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். எங்கள் பக்கத்தில் இதைச் சுமநேசரஞ்சனி என்கிறோம், வடக்கே மதுகௌன்ஸ். இதுவும் ஆறுதலான பாட்டுக்கு நன்றாகப் பொருந்துகிற ராகம். ஜி ஷார்ப்பில் நின்று ஏக்குப் போவதை வைத்தும் முடிவு செய்ய ஏலாது. ஒன்றில் அது நிஷாதம் சட்ஜத்தைத் தொடுவது, மற்றதில் மத்திமம் பஞ்சமத்தைத் தொடுவது. இரண்டுக்கும் அதே இரண்டு கட்டைகள்தான்.

தம்புரா செயலியைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பீர்கள், அதிலும் ஒரு பொறி இருக்கு. சந்திரகௌன்ஸுக்குப் பஞ்சமம் இல்லாதபடியால் தம்புராவைச் சட்ஜம், மத்திமம் என்று வைப்போம். அது ஏயும் டியும். மதுகௌன்ஸுக்குச் சட்ஜம், பஞ்சமம். அதுவும் டியும் ஏயும்! ஆகவே இரண்டு சுரமும் சேர்ந்து ஒலித்தால் காது எந்தப் பக்கமும் சாய்ந்துவிடும். ஒரே ஒரு சுரத்தை மட்டும், கீழ் ஸ்தாயியில், மெதுவாகப் பிடியுங்கோ. முதலில் ஏயை மட்டும் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பாடவிடுங்கோ, பிறகு டியை மட்டும். என்ன செய்கிறீர்கள் என்று அவருக்குச் சொல்லவேண்டாம். பல்லவி முடிகிற இடத்தில் எது அவரோடு சேர்ந்து அடங்குது என்று பார்த்தால் போதும். பிழையான சட்ஜத்தை வைத்தால், பழக்கமான காது தானாகச் சுருதியை மாற்றிக்கொள்ளும்.

அவர் எல்லா நாளும் ஒரே சுருதியில் பாடமாட்டார். அன்றைக்கு எங்கே தொடங்குகிறார் என்று பார்த்து, கீபோட்டின் டிரான்ஸ்போஸை அதற்கேற்றபடி நகர்த்திவிட்டுச் செய்யுங்கோ.

வெள்ளவத்தை மகள்:

நேற்றுச் செய்து பார்த்தேன். அரைச் சுரம் கீழே தொடங்கினார், டிரான்ஸ்போஸ் ஒன்று குறைத்தேன். நீங்கள் விளங்குவதற்காகப் பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

ஏயைப் பிடித்தபோது கவனிக்காதவர் மாதிரிப் பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடினார், ஒவ்வொரு முறையும் ஏயில் வந்து இருந்தார். டியைப் பிடித்தபோது முதல் அடி பாடினார், இரண்டாவது அடியில் சுருதி வேறெங்கோ போய்விட்டது. "உந்தச் சத்தத்தை நிப்பாட்டு" என்று பேச்சும் விழுந்தது.

வீணை ரீச்சர்:

அப்பாவுக்கு நல்ல காது! ஏதான் சட்ஜம். அதாவது பல்லவி சந்திரகௌன்ஸ், காந்தாரத்தில் தொடங்குகிறது. நீங்கள் முதலில் சியில் தொடங்கியதற்குக் காரணமும் அதுதான்.

ராகப்பித்தன்:

பொம்பிளைக் குரல், ஆறுதலான பாட்டு, இலங்கை வானொலிக் காலம், சந்திரகௌன்ஸ். "மாலைப் பொழுதின் மயக்கத்திலே" தவிர வேறென்ன? 1961 இல் வந்த பாக்கியலட்சுமி படம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, பி. சுசீலா பாடினது. அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கோ அக்கா.

வெள்ளவத்தை மகள்:

உடனே போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். "நல்ல பாட்டு, இது எனக்குத் தெரியாதே? நான் பாடுறது இது இல்லை" என்றார். எனக்கும் சாயல் அதே சாயல்தான், ஆனால் நடை வேறு. அப்பாவின் பாட்டு மூன்று மூன்றாகப் போகிறது.

வீணை ரீச்சர்:

ராகம் தெரிந்தால் பாட்டு கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. தேடுகிற இடம் சுருங்குது, அவ்வளவுதான். மூன்று மூன்றாக என்றால் திஸ்ர நடை, அதுவே பெரிய குறிப்பு. இன்னொன்று, பல்லவியில் ஐந்து சுரம் மட்டும் வந்தது என்பதற்காகச் சரணமும் அப்படியே இருக்கும் என்றில்லை. மெல்லிசைக்காரர்கள் அன்னிய சுரம் சேர்ப்பார்கள். சரணத்தையும் பிடியுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:

நான் கேட்கிற கேள்வி வேற. தமிழ்ப் பாட்டுதான்னு எப்படி முடிவு பண்ணினீங்க? அவருக்கு வரி ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கிறீங்க. கொழும்புல வேலை பார்த்த மனுஷன் சிங்களப் பாட்டும் கேட்டிருப்பார், இந்திப் பாட்டும் கேட்டிருப்பார். அமரதேவ லக்னோ பாத்கண்டேல படிச்சவர், அவர் மாதிரி அங்க போய்ப் படிச்சிட்டு வந்தவங்க நிறையப் பேர் இங்க இருந்தாங்க. சிங்கள மெல்லிசையில இந்துஸ்தானி ராகம் வர்றது சாதாரணம். சந்திரகௌன்ஸும் இந்துஸ்தானிதானே. எங்க அப்பாவே சிங்களப் பாட்டை வரி தெரியாம "ன ன னா"ன்னுதான் பாடுவார்.

ராகப்பித்தன்:

அப்பா இலங்கை வானொலி என்று சொன்னபடியால் தமிழ்ச் சேவை என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

அதே கட்டடத்துலதான் சிங்களச் சேவையும் இருந்திச்சு தம்பி. பெட்டியத் திருகினா எல்லாம் வரும்.

வெள்ளவத்தை மகள்:

இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவிடம் கேட்டேன், "தமிழ்தானே?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அவருடன் புறக்கோட்டையில் வேலை செய்த ஒரு சிங்கள அங்கிள் தெகிவளையில் இருக்கிறார், பழைய பாட்டுகளில் பைத்தியம். பதிவை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

சரணமும் கொஞ்சம் பிடித்தேன். எல்லாம் அதே ஐந்து சுரங்கள், ஒரு இடத்தைத் தவிர. மேல் ஸ்தாயி ஏக்கு மேலே பியைத் தொட்டுவிட்டு இறங்குகிறார். நின்று இழுக்கவில்லை. ஆனால் கேட்ட எல்லா நாளும் அதே இடத்தில் வருது.

ராகப்பித்தன்:

பி என்றால் சதுஸ்ருதி ரிஷபம். சந்திரகௌன்ஸில் ரிஷபமே இல்லை. அப்பாவின் கைச்சரக்கு அக்கா, விட்டுவிடுங்கோ.

வீணை ரீச்சர்:

எல்லா நாளும் அதே இடத்தில் வருதென்றால் கைச்சரக்கு என்று எனக்குப் படவில்லை. சும்மா சறுக்கினால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இசையமைப்பாளர் வேண்டுமென்று வைத்த அன்னிய சுரமாக இருக்கலாம், அப்படியானால் தேடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அங்கிளுக்கு எழுதும்போது திஸ்ர நடையையும் அந்த ரிஷபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. சரணப் பதிவை இங்கேயும் போடுங்கோ, அந்த இடத்தை நானும் கேட்கவேணும்.

தெகிவளை அம்மா:

ரீச்சர், மகளுக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன். நேரம் இருக்கும்போது பாருங்கோ.